மதிய காம்போ வீடியோவில் என் தள்ளுவண்டி

புதுவாயல் கூட்டு ரோட்டில் தள்ளுவண்டியில் இட்லி விற்று, அதே ரோட்டில் ஏசி ஹாலோடு ஹோட்டல் கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு சரி. தொழிலில் எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

ஆனால் வார நாள் மதியம் மட்டும் எனக்கு அடங்கவில்லை. கம்பெனி ஆபீஸ்காரர்கள் போனில் ஆர்டர் போட்டுத் தங்கள் மேசையிலேயே சாப்பிட்டுவிட, என் ஏசி காலி நாற்காலிகளைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. இப்படியே போனால் மதியச் சமையலை நிறுத்த வேண்டியதுதான்.

அதற்காகத்தான் காம்போ போட்டேன். சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை, அப்பளம். உட்கார்ந்ததும் தட்டு வந்துவிடும்.

என்னோடு இருந்து கடையைப் பார்த்துக்கொள்ளும் என் மகள், காம்போவுக்கு விளம்பரமாக இன்ஸ்டாகிராமில் போட ஒரு வீடியோ எழுதினாள். முதலில் ஆவி பறக்கும் தட்டு. பிறகு அதில் என்னென்ன, என்ன விலை. திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் மட்டும். கடைசியில் கடை இருக்கும் இடம்.

"நான் எங்கம்மா?"

"கடைசியில வந்து 'வாங்க'ன்னு கும்புடு நைனா. அரை நிமிசம்தான் வீடியோ."

"கடை யாருது? மொதல்ல என் கதை. அப்புறம்தான் வடை."

"உன் கதை முடியறதுக்குள்ள வடை ஊசிப்பூடும்."

நான் விடவில்லை. மதியம், ஹாலில் நாலைந்து பேர் இருக்கும்போதே, போன் முன்னால் நின்றேன். கேமராவுக்குக் குறுக்கே வரக்கூடாது என்று சப்ளையரையும் தட்டோடு நிறுத்திவைத்தேன்.

"அந்தக் காலத்துல, இதே ரோட்டுல, ஒரு தள்ளுவண்டி..." என்று ஆரம்பித்தேன். அடுப்பு வாங்கிய கதைக்கு வந்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் பெண்.

"அண்ணே, நீங்க இன்னும் வண்டிய தள்ளிக்கினே கீறீங்க. எனக்கு அரை மணி நேரம்தான் லஞ்ச். சாப்பாடு அங்கியே நிக்குது!"

ஹாலே சிரித்தது. நானே தட்டை வாங்கி அந்தப் பெண் முன்னால் வைத்தேன். வடையைக் கடித்துவிட்டு, "இத்த மொதல்ல காட்டுங்கண்ணே" என்றாள்.

என் மகள் போனில் எடுப்பதை நிறுத்தவே இல்லை. இதை வீடியோவில் போட்டுக்கொள்ளலாமா என்று அவள் கேட்டதற்கு அந்தப் பெண், "போட்டுக்க. ஆனா நேரத்துக்கு ஆபீஸ் திரும்பிட்டேன்னும் போடு. எங்க மேனேஜர் பாப்பாரு" என்றாள்.

அதுவே வீடியோ ஆனது. தள்ளுவண்டி வரைக்கும் நான். உடனே அந்தக் குரல், சிரிப்பு, தட்டு. மீதியெல்லாம் மகள் எழுதினபடிதான். கடைசியில், "இவங்க நேரத்துக்கு ஆபீஸ் திரும்பிட்டாங்க" என்று ஒரு வரி. நான் ஆரம்பித்திராவிட்டால் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தது.

"இன்னாண்ணே, வண்டிய ஓரங்கட்டிட்டியா? நாலு காம்போ!"

தட்டுகளை முதலில் வைத்தேன். அவர்கள் சாப்பிடத் தொடங்கியதும் அடுப்பு வாங்கிய கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். வாயில் சோறு இருந்ததால் ஒருவரும் குறுக்கே பேசவில்லை.