முப்பத்தெட்டுச் சுற்று

என் நாத்தனாருக்கு மூன்று பிள்ளைகள். அதில் மூத்தவன்தான் இவன். ஊரில் எல்லோரும் வால்வுக்காரர் என்பார்கள், வீட்டில் பெரியவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. படிக்கிற பையன், வயிற்றுப்பாட்டுக்காக நிறுத்தினார்கள் என்று என் நாத்தனார் சொல்லிக்கொள்வாள். எட்டாவதில் இரண்டு முறை தவறினான் என்பதுதான் உண்மை. அந்த இரண்டு முறையையும் அவன் மறக்கவே இல்லை.

குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம். தெருவோரத்தில் இரும்பு மூடி போட்ட குழிகள் இருக்குமே, அதற்குள்தான் வால்வு. ஆள் உயரத்துக்கு ஒரு சாவி, மேலே குறுக்குக் கம்பி. அதை உள்ளே விட்டு, மாட்டைச் செக்கில் கட்டியது போலச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இந்தத் தெருவுக்குத் தண்ணீர் நின்றால்தான் அந்தத் தெருவுக்கு ஏறும். இவன் சுற்றுவான், இவனுடைய கூட்டாளி, நெட்டையன், மூடியைப் பிடித்துக்கொண்டு வண்டி வருகிறதா என்று பார்த்தபடி சத்தமாக எண்ணுவான். சலவைக் கடை வால்வுக்கு முப்பத்தெட்டுச் சுற்று. கடைசி ஐந்தாறு சுற்றை மெதுவாகப் போட வேண்டும். சட்டென்று அடைத்தால் ஓடுகிற தண்ணீர் முட்டிக்கொண்டு எங்கேயாவது குழாய் வெடிக்கும். இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒரே குழியைச் சுற்றியே வாழ்ந்தார்கள்.

பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு அவன் பேசுகிற பேச்செல்லாம் நெட்டையனோடுதான். மகள் தூரதேசத்தில், ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள்.

ஐம்பத்து நாலாவது வயதில் காகிதம் வந்தது. வால்வுக்கெல்லாம் மோட்டார் பொருத்திவிட்டார்கள். இனி ஒரு அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையில் திறந்து மூடலாம். விருப்பமுள்ளவர்கள் ஆறு வாரம் பயிற்சிக்கு வந்து தேர்வில் தேற வேண்டும். வேண்டாதவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நெட்டையன் விலகுவதாக அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"அம்பது தாண்டுனா மண்டையில ஏறாதுடா. ஏறுனாலும் நிக்காது. போய் அசிங்கப்படாத."

நெட்டையனும் இல்லாமல், வேலையும் இல்லாமல், அந்த வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்ற பயம் மட்டும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் பெயரைக் கொடுத்தான்.

பயிற்சி அறையில் பத்து பேர். ஐம்பது தாண்டியவர்கள் இவனையும் சேர்த்து மூன்று பேர். முதல் வாரத்திலேயே மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். சின்ன வயசுக்காரர்கள் கேலி செய்யவில்லை, செய்திருந்தால்கூடத் தேவலை. மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டை இவன் ஜன்னலோரத்தில் தனியாகத் தின்றான்.

பாடம் நடத்தியது நாற்பது வயதுக்காரி ஒருத்தி. அவள் சொன்னதையெல்லாம் இவன் ஒரு நோட்டில் முத்து முத்தாக எழுதினான். வீட்டில் அதையே மறுபடியும் இன்னொரு நோட்டில் எழுதினான். திரை முன்னால் உட்கார்ந்தால் நோட்டைப் பிரிக்காமல் ஒரு பொத்தானும் தெரியாது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. திரையில் 'மூடு' என்பதைத் தொட்டதும் வால்வுப் படம் மஞ்சளாக மினுக்கும். மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும், இரண்டரை நிமிஷம் ஆகும். முழுக்க மூடியதும் சிவப்பாகும். இவனுக்குக் கையில் ஒரு கனமும் தட்டவில்லையே, வேலை நடக்கவில்லையோ என்று மறுபடியும் தொடுவான். இரண்டாவது தொடுதலுக்கு அந்த இடத்தில் 'நிறுத்து' என்று அர்த்தம். வால்வு பாதியில் நின்றுவிடும். பயிற்சிக்கான பொய்த் திரைதான், நிஜத் தண்ணீர் இல்லை. ஆனாலும் ஒரே நாளில் ஏழு முறை பாதியில் நிறுத்தினான். எட்டாவது வகுப்பு வாத்தியார் முகம் நினைவுக்கு வந்ததாம்.

மண்டையில் ஏறாது, நின்றுவிடப் போகிறேன் என்று மறுநாள் அவளிடம் சொன்னான். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நோட்டையும் வாங்கி மேசைக்குள் பூட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

"நேத்து பாத்த திரைய ஞாபகத்துல இருந்து வரைங்க அண்ணே. தப்பா வந்தா வரட்டும்."

ஒரு வட்டம் போட்டான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தாளில் தேதி போட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். விட்டதை மட்டும் திரையில் காட்டினாள். அதிலிருந்து தினமும் காலையில் முதல் வேலை அதுதான். சில நாள் முந்தின நாள் பாடம், சில நாள் போன வாரத்துப் பாடம். பார்த்து எழுதுவது சுலபம், அதனால் படித்த மாதிரித் தெரியும். மறந்ததைத் தேடி எடுக்கிறபோதுதான் தங்கும் என்றாளாம். எனக்கு அது புரிய நாளாயிற்று. அவனுக்கும்தான்.

நாலாவது வாரக் கடைசியில் எல்லாத் தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். முதல் தாளில் ஒற்றை வட்டம். கடைசித் தாளில் பதினான்கு வால்வு, இரண்டு தொட்டி, எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது வரைக்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இவனாக ஒரு பெயர் எழுதியிருந்தான்: சலவைக் கடை, பள்ளிக்கூட மூலை, புளியமரம்.

"இது யாரு வரைஞ்சது அண்ணே?"

"நான்தான் மேடம்."

"ஏறாதுன்னு சொன்னது?"

அவன் ஒற்றை வட்டம் போட்ட தாளை எடுத்துக் கடைசித் தாளோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். காட்டி மகிழ வேறு ஒருவரும் பக்கத்தில் இல்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

தேர்வு நாளில் வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூட மூலையில் குழாய் வெடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பகுதியை மட்டும் துண்டியுங்கள் என்றார். எதை மூட வேண்டும் என்பதில் இவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த மண்ணில் நடந்த கால். முதல் வால்வைத் தொட்டான். மஞ்சள் மினுக்கியது. விரல் தன்னால் மறுபடியும் எழும்பியது. அவன் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். வாய்க்குள் எண்ணத் தொடங்கினான், நெட்டையன் எண்ணுகிற அதே இழுவையில், ஒரு சுற்றுக்குப் பிடிக்கும் நேரம் விட்டு விட்டு. முப்பத்தெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பாயிற்று. பிறகு இரண்டாவது வால்வு. பதிவேட்டில் நேரம் குறிக்க மறந்ததற்கு மதிப்பெண் குறைத்தார்கள். ஆனாலும் தேறிவிட்டான்.

அன்று சாயங்காலம் எனக்குத்தான் போன் செய்தான். மகளுக்கு அங்கே விடிந்திருக்காது.

"அத்த, பாஸாயிட்டேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சிரித்தான். இனிமேல்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்றான்.

இப்போது கட்டுப்பாட்டு அறையில் பகல் முழுக்க அவன் ஒருவன்தான், சின்னவர்களை மற்ற நிலையங்களுக்குப் போட்டுவிட்டார்கள். குளிர்ந்த அறை, நாலு திரை, இரண்டு நாற்காலி. ஆள் பற்றவில்லை, அடுத்த அணிப் பயிற்சிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கலாம், விலகியவர்களும் வரலாம் என்று வாரியத்தில் சொன்னதும் நெட்டையனைப் போனில் கூப்பிட்டு அதைச் சொன்னான். முதல் நாள் போட்ட ஒற்றை வட்டத்தையும் ஒளிக்காமல் சொன்னான்.

"மெதுவாத்தான் ஏறுச்சுடா. ஆனா நின்னுருச்சு."

மறுமுனையில் டிவிச் சத்தம். அதைக் குறைத்துவிட்டு நெட்டையன், சலவைக் கடை வால்வு இப்பவும் முப்பத்தெட்டுதானா என்று கேட்டான்.

"இப்ப யாருடா சுத்துறா? அதுவா ரெண்டரை நிமிஷத்துல மூடிக்கும்."

"அப்ப எண்ணுறதுக்கு ஆள் வேண்டாம்."

வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். தேர்வில் உன் குரலில்தான் எண்ணினேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆம்பிளைகள் அப்படியெல்லாம் பேசிக்கொள்ள மாட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெயர்ப் பட்டியலைப் போய்ப் பார்த்தான். மூன்று பெயர். எல்லாம் தெரியாதவர்கள். திரும்பி வந்து உட்கார்ந்தான். சலவைக் கடைத் தெருவுக்கு அடைக்கிற நேரம். ஒரே ஒரு முறை தொட்டான். மஞ்சள் மினுக்கியது. கை தொடை மேலேயே கிடந்தது, இப்போதெல்லாம் அதை அடக்க வேண்டியதில்லை. எண்ண வேண்டியதும் இல்லைதான். ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினான்.