நாயைப் பெற்றவள்

ஆங்கிலப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வசன வரி எழுதும் அலுவலகம் அது. தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ‘கெட்’ எங்கே வந்தாலும் ‘பெறு’ என்றே போடுவார். கோபம் வந்தவள் கோபம் பெறுவாள். வீடு வந்து சேர்ந்தவன் வீட்டைப் பெறுவான். வரிகளைச் சரிபார்ப்பவளுக்கு அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்த படத்தில், கணவனை இழந்த கதாநாயகி துணைக்கு ஒரு நாய் வாங்கினாள். “நாயைப் பெற்றாள்” என்று எழுதிவைத்திருந்தார்.

“சார், அவ நாய பெத்துட்டான்னு ஆகுது. ‘வாங்கினாள்’னு மாத்திடவா?”

“அகராதியில அதாம்மா மொத அர்த்தம். எனக்கே பாடமா?”

வரி அப்படியே திரைக்குப் போனது. சோகக் காட்சியில் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “ஜனங்க எப்படி ரசிச்சாங்க, பாத்தியா!”

அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். மழையில் ஒருவன் “ஈரம் பெற்றேன்” என்றான். அவரைக் கேட்காமலே “நனைஞ்சுட்டேன்” என்று மாற்றினாள்.