பன்றிக் கொட்டகையில் பிடித்த கொசு

பொழுது சாய்ந்தபிறகு மாட்டுக் கொட்டகையிலும் பன்றிக் கொட்டகையிலும் நின்று கொசு பிடிப்பதுதான் என் வேலை. நியமன ஆணையில் பூச்சி சேகரிப்பாளர் என்று போட்டிருந்தது. ஒரு கையில் டார்ச், மறு கையில் கண்ணாடிக் குழாய். அதன் பின்பக்கம் ஒரு ரப்பர் குழல் இருக்கும். அதை வாயில் வைத்து இழுத்தால், சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசு கண்ணாடிக்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் வராது. இதை எத்தனை முறை சொல்லியும் என் மாமியார் வீட்டில் யாரும் நம்பவில்லை. வெளியாட்களிடம் "ஹெல்த்ல இருக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த ஓர் ஐப்பசியில், மாடம்பாக்கத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் எங்களை அனுப்பினார்கள். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்து, மூன்றாம் நாள் வலிப்பு வந்து நினைவிழந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்துப் பார்த்து மூளைக்காய்ச்சல் என்று உறுதி செய்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்குத் தடுப்பூசி வராத காலம் அது.

குழந்தையின் அம்மா பன்றி வளர்ப்பவள். புதிதாக முளைத்த காலனிக்கும் மிச்சமிருந்த வயல்களுக்கும் நடுவில் நாலைந்து குடிசைகள், அவளுடையது கடைசி. பின்னாலேயே பன்றிக் கொட்டகை. புருஷன் ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்தான். பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு, பன்றிகளுக்குத் தீனி வைக்கச் சாயங்காலம் அவள் வருவாள். நான் குழாயோடு நின்றதைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "என் பன்னிங்களாலதான்றாங்களே, நெஜமாக்கா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொக்குகளின் உடம்பில் இந்தக் கிருமி இருக்கும் என்றேன். கொக்கைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் அது மளமளவென்று பெருகும். அப்புறம் அந்தப் பன்றியைக் கடிக்கிற கொசுக்களில் பல கிருமியைச் சுமக்கும். அதிலொன்று மனிதனையும் கடித்துவிடும். பன்றிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சினையாக இருந்தால் மட்டும் குட்டி செத்துப் பிறக்கலாம் என்றேன்.

அவள் கையிலிருந்த தீனி வாளியைக் கீழே வைத்தாள். போன மாதம் ஒரு பெட்டை ஆறு குட்டியும் செத்ததாகப் போட்டது என்றும், கண்ணேறு என்று நினைத்துக் கற்பூரம் சுற்றிப் போட்டதாகவும் சொன்னாள். அழவில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எங்களோடு வந்த கால்நடை மருத்துவர் பன்றிகளிடம் ரத்தம் எடுத்துப் போனார். நான் வயலில் இறங்கினேன். நாற்று நட்டு மூன்று வாரமான வயல். முழங்கால் நீரில் நின்று, நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் மொண்டால், ஒவ்வொரு மொள்ளலிலும் கொசுப் புழுக்கள் துள்ளின. பக்கத்து வரப்பில் மடையான் கொக்குகள் என்னைச் சட்டை செய்யாமல் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தன. வளர்த்துப் பார்த்தபோது அந்தப் புழுக்களிலிருந்து வந்தது கொட்டகையில் பிடித்த அதே கொசு. சின்னது, பழுப்பு நிறம், ஊசிமூக்கின் நடுவில் வெளுத்த வளையம்.

அதற்குள் காலனியில் தீர்மானம் ஆகிவிட்டிருந்தது. பன்றிகளைச் சுட வேண்டும், குடிசைகளை அகற்ற வேண்டும் என்று மனு எழுதியிருந்தார்கள். அதோடு, நோய் ஒட்டும் என்று குடிசைக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் தெருக்குழாயைப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை காலனிக் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த என் அதிகாரி, "நீ ஒண்ணும் பேசாதேம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

சங்கச் செயலாளர் வங்கியில் வேலை பார்ப்பவர், மரியாதையானவர்தான். பன்றிகள் புரளும் சாக்கடையில்தான் கொசு உற்பத்தியாகிறது என்று எங்கள் அறிக்கையில் எழுதிக் கொடுத்தால் மேலிடத்தில் உடனே நடவடிக்கை எடுப்பார்கள் என்றார். என் அதிகாரி தலையாட்டினார்.

நான் எழுந்தேன். பையிலிருந்து இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒன்றில் இருப்பது அவர்கள் தெருச் சாக்கடைக் கொசு, மூக்கில் வளையம் இல்லை. இன்னொன்று வயல் கொசு. மூளைக்காய்ச்சலைக் கொண்டுவருவது முக்கியமாக இதுதான். சாக்கடை நீர் அல்ல, நெல் நிற்கிற நீர்தான் இதற்கு வேண்டும். பன்றிகளைச் சுட்டாலும் இந்தக் கொசு பிறந்துகொண்டேதான் இருக்கும் என்றேன். பன்றியை வீடுகளிலிருந்து தூரமாக வைக்க வேண்டும், அது உண்மை. அதை எழுதுவேன், இல்லாததை எழுத மாட்டேன் என்றேன்.

"அப்போ அந்தக் குழந்தை திரும்பி வந்தா எங்க பசங்களுக்கு ஸ்ப்ரெட் ஆகாதா மேடம்?" என்றார் செயலாளர்.

"ஆகாது சார். மனுஷ ரத்தத்துல அந்தக் கிருமி கொசுவுக்குத் தொத்துற அளவுக்கு இருக்காது. அவளைக் கடிச்ச கொசு உங்களைக் கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. மொதல்ல குழாய்ப் பூட்டைத் திறங்க."

குழந்தையின் அம்மா அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தாள், இப்போது உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"கொக்குகிட்டேர்ந்துதான் வருதாம். கொக்கையும் சுடுவீங்களா?" என்றாள். "படுத்துகினு கீறது எம்புள்ள. பன்னிய நானே தள்ளிக் கட்டிக்கிறேன். யாரும் சொல்ல வேணாம். ஆனா என் வூட்ட வுட்டு நான் போவ மாட்டேன்."

அன்று பகலில் குழாய் திறந்தது. திறந்தது செயலாளரேதான். அதையும் சொல்ல வேண்டும்.

அவள் சொன்னபடி செய்தாள். ஏரியின் மறுகரையில், வீடே இல்லாத இடத்தில் கொட்டகை போட்டு, தினம் இரண்டு வேளை நடந்து போய்த் தீனி வைத்தாள். பன்றிகளின் ரத்தத்தில் கிருமி வந்துபோன தடம் இருப்பதாக அறிக்கை வந்தது, அதற்கு முன்பே அவை இடம் மாறியிருந்தன. வயல் நீரை அவ்வப்போது வடித்துக் காயவிடச் சொன்னோம், வயல்காரர் மட்டும் மசியவில்லை. தண்ணீரை வடித்தால் பயிர் போச்சு என்றார். கரண்டியில் மொண்டு அவர் உள்ளங்கையில் ஊற்றினேன். துள்ளிய புழுக்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, பூ எடுக்கும்வரை மழை விடுகிற நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை வடித்துக் காயவிடுகிறேன் என்று இறங்கி வந்தார். காய்ந்த சேற்றில் புழுக்கள் செத்துக் கிடந்தன. பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் அனுமதியின்றிப் பொதுக்கூட்டத்தில் பேசியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். 'நான் பேசியதில் தவறான தகவல் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் பதில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டு இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் அதிகாரி. சேர்க்கவில்லை. இரண்டு மாதத்தில் வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

கிளம்புவதற்கு முன் குழந்தை வீடு வந்திருந்தது. வலது கை மடங்கியே இருந்தது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. பழைய பள்ளியில், மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றார்களாம். அம்மா கேட்கவில்லை. தினமும் யூனிஃபார்ம் மாட்டிக் கூட்டிப்போய், வகுப்பு வாசலில் குழந்தையோடு தரையில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் உள்ளே விட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது குழந்தை கடைசி பெஞ்சில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் கோட்டைவிட்டு ஏறியும் இறங்கியும் கிடந்தன. ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டு, அழிக்க ரப்பரை எடுத்தாள். நான் ரப்பரைப் பிடிக்கப் போனபோது, என் கையைத் தள்ளிவிட்டுத் தானே அழித்தாள்.