இரண்டு படங்களுக்கு ஒரே மேகம்

வேலூரில் எங்கள் போட்டோ சங்கத்தில் இருபது பேர்கூடத் தேறாது. அந்த இருபது பேருக்குள் ஒரு போட்டி வைத்து, மதராசிலிருந்து ஒரு நடுவரை வரவழைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நான்தான் காரியதரிசி. ஊரிலேயே ஒரு தோல்மண்டியில் பகலெல்லாம் கடிதம் டைப் அடித்துவிட்டு, மாலையில் சங்கத்துக்கும் டைப் அடிப்பேன். யாரும் கேட்காமலே ஆசைப்பட்டு இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை அது.

போட்டி விதிகளை எழுதியதும் நானே. படத்தின் பின்புறம் ஒட்டும் சீட்டில் ஒரு கேள்வி வைத்தேன்: படம் ஒரே நெகட்டிவிலிருந்து அச்சிட்டதா, ஒன்றுக்கு மேற்பட்டதிலிருந்தா? ஒன்றே என்றால் சாதாரணப் பிரிவு; பல என்றால் கூட்டுப்படப் பிரிவு. தூசிப் புள்ளிகளைத் தூரிகையால் மறைக்கலாம், அதைச் சொல்ல வேண்டாம். வேறு நெகட்டிவிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் படம் போட்டியிலிருந்தே நீக்கப்படும். எழுதி முடித்தபோது இதில் ஓட்டையே இல்லை என்று எனக்குப் பெருமை.

ஓட்டை வானத்தில் இருந்தது.

எங்கள் கைக்கு எட்டிய கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகளுக்கு நீலம் என்றால் வெறி. நிலம் பதியும் அளவுக்கு வெளிச்சம் விட்டால் வானம் அளவுமீறிப் பதிந்துவிடும். பிரிண்டில் அந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதம். அதனால் மேகத்தை மட்டும் தனியாக, குறைந்த வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்வோம். அச்சிடும்போது வானப்பகுதியை அட்டையால் மறைத்து முதலில் நிலம். பிறகு நிலத்தை மறைத்து, அதே காகிதத்தின் மேல் மேகம். அதன் பின்தான் காகிதம் படத்தைத் துலக்கும் மருந்துக்குள் போகும். சங்கத்தில் பாதிப்பேர் இதைச் செய்தார்கள். தலைவாரிக்கொள்வது போலத்தான் அதை நினைத்தோம்.

என் படம் பாலாற்று மணலில் தோல் வண்டிகள் போகும் காட்சி. அந்த அந்தியில் மேகம் இருந்தது, சத்தியமாக இருந்தது; என் பிளேட்தான் அதை வாங்கவில்லை. என் தோஸ்த், ஆம்பூர்த் தோல் வியாபாரியின் மகன், தன்னிடமிருந்த மேக பிளேட் ஒன்றைக் கொடுத்தார். அவரும் அதையே தன் படத்தில் சேர்த்திருந்தார்: கழிகளில் கட்டி உலரவிட்ட தோல்கள், மேலே அந்த மேகம்.

சீட்டை நிரப்பும்போது அவர் கேட்டார்: "மேகத்தையும் எழுதணுமா?"

"விதி விதிதான், பாய். எழுதிடுங்க," என்றேன். அவர் 'இரண்டு நெகட்டிவ்' என்று எழுதினார்.

என் சீட்டில் 'ஒரே நெகட்டிவ்' என்று எழுதினேன். அங்கே இருந்த மேகத்தைத்தானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன் என்று மனத்துக்குள் வாதாடிக்கொண்டேன். உண்மை வேறு. சாதாரணப் பிரிவில் முதல் பரிசு பெறும் படம் மட்டுமே மதராஸ் கண்காட்சிக்குப் போகும். அதைக் காட்டி அங்கே ஏதாவது ஸ்டூடியோவில் நுழைந்துவிட்டால், தோல்மண்டிக் கடிதங்களுக்கு முழுக்குப் போடலாம்.

நடுவர் பெயர்கள் தெரியாமல், எண்களை வைத்து, பிரிவு பிரிவாகத் தனித்தனி மேசையில் பார்த்தார். எனக்கு முதல் பரிசு. தோஸ்துக்குக் கூட்டுப்படப் பிரிவில் முதல் பரிசு. நடுவர் ரயிலேறியதும் பள்ளிக்கூட மண்டபத்தில் படங்களை மாட்டினோம். இரண்டு முதல் பரிசுகளையும் அடுத்தடுத்து மாட்டியது என் புத்திசாலித்தனம்.

பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்த கம்பவுண்டர்தான் முதலில் நின்றார். சோளிங்கர் மலைப்படிகளை எடுத்து, சாதாரணப் பிரிவில் இரண்டாம் பரிசு வாங்கியவர்.

"இன்னாய்யா இது? வேலூருக்கும் ஆம்பூருக்கும் ஒரே மேகமா? வாடகைக்கு வந்துச்சா?"

நாலு பேர் கூடினார்கள். சங்கத் தலைவரான வக்கீல் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். படங்களைத் திருப்பி, பின்னாலிருந்த சீட்டுகளைப் படித்தார்.

"காரியதரிசி படம் ஒரே நெகட்டிவ்," என்றார் நிதானமாக. "அப்போ மேகம் அவரோடது. பாய் ரெண்டு நெகட்டிவ்னு எழுதியிருக்காரு. அந்த ரெண்டாவது யாரோடது?"

"இதுக்கு மேல இன்னா கேக்கணும்?" என்றார் கம்பவுண்டர். "இவரு நெகட்டிவை அவரு சுட்டுட்டாரு. தோல்ல கலப்படம் பண்ற மாதிரி நெனச்சிட்டாரு போல."

தோஸ்தின் காது மடல் சிவந்தது. "அந்த பிளேட் என்னுது."

"எங்க, காட்டு பாக்கலாம்?"

தோஸ்த் என்னைப் பார்த்தார். பிளேட் என்னிடம் இருந்தது. வாங்கிப்போய் ஒரு மாதமாகியும் திருப்பித் தரவில்லை. என் மேசை இழுப்பறையில், காகித உறைக்குள் கிடந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார்.

"பதில் இல்லன்னா பேரை எடுத்துட வேண்டியதுதான்," என்றார் வக்கீல். "திருட்டுப்படம் வச்சிக்கினு சங்கம் நடத்த முடியாது."

உண்மையை எழுதியவர் திருடன் ஆகிக்கொண்டிருந்தார். பொய் எழுதிய நான் பறிகொடுத்தவனாக நின்றேன். கம்பவுண்டர் என் தோளைத் தட்டி, "மனசு உட்டுடாதே தம்பி," என்றார். அதுதான் தாங்கவில்லை.

"மேகம் அவரோடதுங்க," என்றேன்.

"இன்னாது?"

"பிளேட் என் வீட்ல கீது. நான்தான் வாங்கினேன். என் படமும் ரெண்டு நெகட்டிவ்தான். சீட்டுல பொய் எழுதிட்டேன்."

யாரும் நம்பவில்லை. நண்பனைக் காப்பாற்றப் பழியை ஏற்கிறேனாம்! வக்கீலுக்கு என் பெருந்தன்மையில் கண் கலங்கிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஆதாரம் காட்டி மன்றாட வேண்டியிருந்தது. கடைசியில் என் படத்தையே கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன்.

"வண்டி நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"எடது பக்கம்."

"அப்போ வெயில் வலது பக்கம். மேகத்துல எந்த ஓரம் பளபளன்னு கீது?"

வக்கீல் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். "எடது," என்றார்.

"ரெண்டு சூரியனா!" என்றார் கம்பவுண்டர். "இத்த நடுவரும் பாக்கல, நாமளும் பாக்கல."

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் விவாதம். மேகம் கலப்பா, இல்லையா? மேகம் சேர்க்கலாம் என்றால் மாட்டையும் சேர்க்கலாமா? சின்ன மேகம் என்றால் பரவாயில்லையா? என்னுடைய வாதங்களையெல்லாம் மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. விதியில் தெளிவாக இருந்ததால் படத்தை நீக்கினார்கள். வேறு பிரிவுக்கு மாற்றவும் இடமில்லை, அப்படித்தான் எழுதியிருந்தேன். தோஸ்தின் பரிசு அவருக்கே நின்றது.

வாசலில் அவரைப் பிடித்தேன். "பாய், டீ குடிக்கலாம் வாங்க."

"வாணாம் தோஸ்த். பேஜாரா கீது." மிதியடியை மாட்டிக்கொண்டே கேட்டார்: "எழுதச் சொன்னது நீதானே? ஏன், நான் மட்டும் எழுதணும்னா?"

அவர் ஆம்பூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

உள்ளே சுவரில் சதுரமாக ஒரு காலி இடம். சோளிங்கர்ப் படிகளை அங்கே மாட்டினார்கள். கம்பவுண்டருக்குப் போன முதல் பரிசுக்குப் பெயர் அட்டை எழுதும் வேலை காரியதரிசிக்குத்தான். மைப்புட்டியைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். அவர் பின்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, வரி கோணலா போவுது பாரு. மதராசுக்குப் போற படம். வேற அட்டையில எழுது."

வேறு அட்டை எடுத்து எழுதினேன்.