முடிவுத் தேதி இல்லாத படி

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் சம்பளம் போடுகிற எழுத்தருக்குத் ‘தசமம் அக்கா’ என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்களுக்காகக் கூட மூன்று மாடி ஏறி இறங்கி வருபவள் என்பதால் லாரி ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில், சம்பளத்துக்கு மேல் தரும் படிகளின் பட்டியலை உத்தரவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தபோது, ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

பசை இயந்திரத்தை ஓட்டும், எல்லோரும் ‘இடி’ என்று அழைக்கும் தொழிலாளிக்குப் பொறுப்புப் படி போய்க்கொண்டிருந்தது. ஷிப்ட் மேற்பார்வையாளர் முதுகு அறுவை சிகிச்சைக்குப் போனபோது, அவர் வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி இடியிடம் சொன்னார்கள்; அதற்காக மாதம் நாலாயிரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். உத்தரவில் ‘மேற்பார்வையாளர் பணிக்குத் திரும்பும்வரை’ என்று இருந்தது. அவர் திரும்பி ஏழு மாதமாகிவிட்டது. படி நிற்கவில்லை.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கணினியில் முடிவுத் தேதி கேட்கும் கட்டத்தை, தேதி தெரியாத உத்தரவுகளுக்கு அவள் காலியாக விடுவாள். மறக்காமலிருக்க, மஞ்சள் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பாள். நடு ஆண்டில் புதுத் திரை மாட்ட வந்தவர்கள் பழையதைச் சீட்டுகளோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாவற்றையும் நினைவிலிருந்து மறுபடி எழுதினாள். இது ஒன்று விட்டுப்போயிருந்தது.

அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் ஊக்கத்தொகைப் பட்டியலை இருமுறை ஏற்றிவிட்டார். காலையில் தெரிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை போய் அவர் பையோடு வாசலில் நின்றார். இவள் வீட்டிலோ இவள் சம்பளம் ஒன்றுதான். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த கணவன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தான். அன்று மாலை அவள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “உப்பு கம்மியா? இல்ல, தசமத்துல எங்கயாவது தப்பா?” என்று சிரித்தான்.

“தலைவலி” என்றாள். அவன் முகத்தைப் பார்த்து மறைப்பது கடினமாக இருந்ததால், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மறைக்கவும் முடியாது, அவளாகக் கண்டுபிடித்ததைத் தணிக்கையாளர் ஒரு மாதத்தில் கண்டுபிடிப்பார். அப்போது பிழையோடு ஒளிவும் சேரும். மறுநாள் காலை நிதி மேலாளர் அறைக்குப் போனாள். அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் நடுக்கம்.

“இருபத்தெட்டாயிரம்” என்றார் மெதுவாக. “இந்த மாசச் சம்பளத்துல மொத்தமாப் பிடிச்சிடுங்க.”

“சார், அவர் கைக்கு மாசம் இருபத்திரண்டாயிரம்தான் வருது. பிடிச்சா ஒண்ணுமே மிஞ்சாது. நம்ம நிலையாணையிலயே இருக்கு: எழுத்துல சம்மதம் வாங்காம பிடிக்கக் கூடாது, ஒரு மாசத்துல பாதிக்கு மேல பிடிக்கவே கூடாது.” கையிலிருந்த பட்டியலை மேசைமேல் விரித்தாள். “அப்புறம், இருபத்தெட்டு இல்ல சார். வரியும் சேமநிதியும் போக அவர் கைக்குப் போனது மாசம் மூவாயிரத்து ஐந்நூறு. மீதி இன்னும் அந்தந்த இடத்துலதான் இருக்கு. இந்த ஆண்டுக் கணக்கு மூடறதுக்குள்ள அதை நாம திருத்திக்கலாம். அவர்கிட்ட கேட்க வேண்டியது இருபத்து நாலாயிரத்து ஐந்நூறுதான்.”

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். “இதெல்லாம் இவ்வளவு நல்லாத் தெரியுது. அந்தக் கட்டம் மட்டும் எப்படிக் காலியா இருந்துச்சு?”

அவள் பட்டியலை மடித்தாள். “அவருக்குக் கடிதம் எழுதிட்டு வாங்க. உங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ அவள் முதுகில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டது.

கடிதத்தை நான்கு முறை எழுதினாள். முதல் வடிவம் கெஞ்சியது, இரண்டாவது மிரட்டியது. கடைசியில் வந்தது இது: இன்ன உத்தரவின்படி தரப்பட்ட பொறுப்புப் படி, இன்ன தேதிக்குப் பின் தங்களுக்கு உரியதன்று, மாதவாரிக் கணக்கு இணைப்பில் உள்ளது. இத்தொகையை நிறுவனம் திரும்பப் பெற்றாக வேண்டும். பத்துத் தவணை, மாதம் இரண்டாயிரத்து நானூற்றைம்பது, அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கும். வட்டி இல்லை. இடையில் பணியிலிருந்து விலக நேர்ந்தால், மீதம் இறுதிக் கணக்கில் சரிசெய்யப்படும். கணக்கில் மறுப்பு இருந்தாலோ, தவணை பாரமாக இருந்தாலோ, பத்து வேலை நாட்களுக்குள் எழுதித் தரலாம். அதுவரை எதுவும் பிடிக்கப்படாது.

இறுதியில் ஒரு வாக்கியம்: ‘இப்பிழை சம்பளப் பிரிவில் நேர்ந்தது, தங்கள் தரப்பில் எத்தவறும் இல்லை.’

மேலாளர் அந்த வாக்கியத்தின் மேல் கோடு இழுத்தார். “இதை எழுதினா நாளைக்கு வக்கீலைக் கூட்டிட்டு வருவான். தேவையில்ல.”

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட எட்டிப்பார்த்தது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அவள் பிழையும் தாளில் இல்லை. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரியதாக இருந்தது.

கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரில் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். ஆனால் இடியிடம் கொடுப்பதென்றால்! இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் குரல் அவருடையது. ஒருமுறை ஒப்பந்தக்காரரோடு நடந்த சண்டையில் இரும்பு முக்காலியைச் சுவரில் அடித்துக் கோணலாக்கியவர். ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவரை, உணவறையின் ஒதுக்குப்புற மேசைக்கு அழைத்தாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

“என்ன தங்கச்சி, இன்கிரிமெண்ட்டா?” என்று முழங்கியபடியே உட்கார்ந்தார். “உன் மூஞ்சியப் பாத்தா யாரோ செத்த மாதிரி இருக்கே!”

“முதல்ல படிச்சிடுங்கண்ணா.”

படித்தார். மெதுவாக, உதடு அசைய. படிக்கப் படிக்க அவர் கழுத்து சிவப்பதைப் பார்த்தாள். மேசைக்கடியில் அவள் கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. இதோ எழுந்திருக்கப் போகிறார், இதோ மேசை புரளப்போகிறது.

அவர் எழுந்திருக்கவில்லை. கடிதத்தை மடித்தார். குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

“திருடிட்டேன்னு எழுதியிருக்கா, தங்கச்சி?”

“ஐயோ, இல்லண்ணா!”

“இல்லன்னும் எழுதலையே. வீட்டுல இதைப் பொண்டாட்டி படிப்பா. ‘உனக்கு உரியதல்லாத பணம்’னு படிச்சா என்ன நினைப்பா?” மூக்கை உறிஞ்சினார். “படி வருதேன்னு நம்பி ரெண்டு ரூம் வீட்டுக்கு மாறிட்டேன். நான் கேட்டேனா? நிரந்தரமாக்கிட்டாங்கன்னு நினைச்சேன். அந்த ஆளு வந்த பிறகும் ஷிப்டை நான்தானே தொடங்கி வச்சேன்.”

அவள் நிமிர்ந்தாள். “எப்போ?”

“முதல் மாசம். முதுகு வலிக்குதுன்னு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு. காலைல பசைச் சூடு பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். போய்ப் பாரு.”

இது கணக்கில் இல்லாதது. “அண்ணா, அதை எழுதித் தர்றீங்களா? நான் வருகைப் பதிவைப் பாக்கறேன்.”

“எழுதித் தர்றேன். ஆனா சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். குரல் பழையபடி கனத்தது. “தப்பு என்னுதில்லன்னு அந்தக் காகிதத்துல வந்தாத்தான் போடுவேன். பணம் கொடுக்க வேண்டியதுன்னா கொடுத்திடுவேன். பேரைக் கொடுக்க முடியாது.”

வருகைப் பதிவு அவர் சொன்னதையே சொன்னது. மேற்பார்வையாளர் முதல் மாதம் முழுவதும் மருத்துவர் சான்றோடு அரைநாள்தான் வந்திருந்தார். பணிக்கு முழுமையாகத் திரும்பிய உத்தரவு அடுத்த மாதத் தேதியிட்டது. ஆக, அந்த ஒரு மாதப் படி இடிக்கு உரியது. அவள் எழுதிய கடிதத்தில் தொகையே தவறு. ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொன்று. பதிவேட்டை மூடினாள்.

புதிதாகக் கணக்கிட்டாள். ஆறு மாதம், இருபத்தோராயிரம். பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கினாள். புது வீட்டு வாடகையோடு அவர் தாங்கக்கூடியதாக, மாதம் ஆயிரத்து எழுநூற்றைம்பது. பிறகு, மேலாளர் அடித்த வாக்கியத்தைத் திரும்ப எழுதினாள். எழுதிவிட்டு அழித்தாள். மறுபடி எழுதினாள். அந்த மனிதர் குரல் இறங்கிய கணம் நினைவுக்கு வந்தது. அதை இரண்டாம் முறை கேட்க அவளால் முடியாது. அச்செடுத்தாள்.

மேலாளர் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“நான் அடிச்சது திரும்ப வந்திருக்கு.”

“ஆமா சார். அது இல்லாம அவர் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லாம நாம பிடிக்க முடியாது. அது உண்மையும்தான் சார்.”

“உண்மைன்னு எழுதினா, யாரோட பிழைன்னு நானும் எழுத வேண்டியிருக்கும்.”

“தெரியும் சார்” என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். தாளை நீட்டியவர், முழுதாக விடவில்லை. “உங்களுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை போகணும். நல்லாத்தான் எழுதறீங்க. அதையும் நீங்களே தயார் பண்ணிட்டு வாங்க.”

வேடிக்கையா, தண்டனையா என்று அவர் முகத்தில் தேடினாள். எதுவும் அகப்படவில்லை.

இடி சாயங்காலம் கையெழுத்திட்டார். கடைசி வாக்கியத்தை இருமுறை படித்து, “இதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடு தங்கச்சி, பெருசா. வீட்டுல கண்ணாடி போட்டுத்தான் படிப்பா” என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

அவள் தன் இருக்கைக்கு வந்தாள். புதுத் தாளில் ‘பெறுநர்’ என்ற இடத்தில் தன் பெயரையும் பதவியையும் தட்டினாள். ‘தங்கள் பொறுப்பிலிருந்த பதிவில் முடிவுத் தேதி விடுபட்டதற்கும், வருகைப் பதிவைச் சரிபார்க்காமல் முதற்கடிதம் தயாரித்ததற்கும்’ என்று எழுதினாள். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. ‘அலட்சியத்தால்’ என்று விரல் தானாகப் போனது. நிறுத்தினாள். அது அலட்சியம்தானா? வேறொருவருக்கு எழுதியிருந்தால் அந்தச் சொல்லைப் போட்டிருப்பாளா? மாட்டாள். அழித்துவிட்டு, ‘காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு’ என்று முடித்தாள்.

மேலாளர் அதைப் படித்து, ஒரு சொல்லும் மாற்றாமல் ஒப்பமிட்டார். பெற்றுக்கொண்டதற்கு அவள் கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவள் கையொப்பமிட்டாள்.

“பதில் கிடைச்சதும் முடிவு சொல்றேன்” என்றார் அவர், இன்னும் எழுதப்படாத அவளுடைய பதிலைப் பற்றி. என்ன சொல்வார் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. நகலைப் பையில் வைத்துக்கொண்டு, கணவனிடம் எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசித்தபடியே படியிறங்கினாள்.