இந்த சீட்டுக்கு ஆள் இருக்கு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. யார் கல்யாணம் என்பது எனக்கே மறந்துவிட்டது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. நான் வைத்திருப்பது அதன் பின்பக்கத்துக்காக. அங்கே என் கையெழுத்தில், தமிழில், "அவன் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்று இருக்கும். அதற்குக் கீழே வேறொருவர் பென்சிலால் எழுதிய பதில். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் மனதில் ஓடுகிற தமிழை மலையாள எழுத்தில் எழுதிவிடுவார். மலையாள ஊரான கரமனையில் தமிழ் வீட்டில் வளர்ந்த எனக்கு இரண்டும் வாசிக்க வரும் என்பதால் எங்கள் கூட்டு ஓடியது.

அவரை எல்லோரும் அசோசியேட் என்றுதான் கூப்பிட்டார்கள். இணை இயக்குநராகவே பல வருஷங்கள் இருந்ததில் பெயரே அதுவாகிவிட்டது. நாற்பதைத் தாண்டியவர்; என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருந்தும் என்னை மேடம் என்பார். நான் அப்போது விளம்பரப் படங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வந்து, தான் முதன்முதலாக இயக்கப்போகிற படத்துக்குத் தயாரிப்பாளர் ஒருவர் கதை கேட்கச் சம்மதித்திருக்கிறார், ஆனால் சிரிக்கச் சிரிக்க ஒரு காதல் கதைதான் வேண்டுமாம் என்றார். அவரிடம் இருந்ததோ மூடிக் கிடக்கிற தேயிலை ஃபாக்டரியைப் பற்றிய ஒரு சோகக் கதை. ஒரு மாதம் அவகாசம். இதுவும் நழுவினால் சினிமாவை விட்டுவிட்டு ஹோட்டல் வேலைக்குப் போய்விடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் இருவருக்குள் காதல் கீதல் எதுவும் இல்லை. தலைப்பைப் பார்த்து வேறு எதையாவது எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போடும் வழக்கம் இல்லை, மங்கலப் பொருளாம். பரண் கொள்ளாமல் கிடந்ததை இறக்கி, பின்பக்கத்தில் ஒரு காட்சிக்கு ஒரு பத்திரிகை என்று எழுதி, மாடியில் துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினோம். மூன்று கொடிகள். முதல் கொடியில் இருவரும் சந்திப்பது, இரண்டாவதில் தப்பாகப் புரிந்துகொள்வது, மூன்றாவதில் அவன் செய்யப்போகிற அந்தப் பெரிய காரியம். காதல் கதை எழுதுவது இத்தனை சுலபமா என்று எனக்கு முதல் இரண்டு நாள் இளக்காரமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், மாட்டியதையெல்லாம் கழற்றிப் போட்டதில் கொடி காலியாகிவிட்டது.

சந்திப்பில்தான் முதல் அடி விழுந்தது. நான் எழுதியதெல்லாம் மோதல்தான். மழையில் மோதுவார்கள், கடையில் மோதுவார்கள், பை மாறிப்போகும். அசோசியேட் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, இது யாருக்கு வேண்டுமானாலும் நடக்குமே என்பார். இந்த இரண்டு பேருக்கு மட்டும் நடக்கக்கூடியது எது என்று குடைந்துகொண்டே இருந்தார். கடைசியில் அவர் ஊர் பஸ்ஸிலிருந்து அது கிடைத்தது. அடிவாரத்து வித்துராவிலிருந்து மலை ஏறுகிற பஸ் ஒரு நாளைக்குச் சிலதுதான். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டையோ குடையையோ சீட்டில் எறிந்து இடம் பிடிப்பார்கள். எறிந்த பொருள் எங்கே விழுகிறதோ அந்த இடம் அவர்களுடையது. யாரும் எடுத்துப்போட்டுவிட்டு உட்காரக்கூடாது. எங்கள் கதாநாயகி தோட்டத்துப் பள்ளியில் டீச்சர். கதாநாயகன் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். அவள் குடையும் அவன் துண்டும் ஒரே சீட்டில், ஒரே நேரத்தில் விழுகின்றன. அவள் நியாயம் பேசத் தயாராகிறாள். அவனோ ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மலை உச்சிவரை நின்றே வருகிறான். அவள் சண்டைக்குத் திரட்டி வைத்திருந்த வாதமெல்லாம் வீணாகிப்போகிறது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதைவிட முக்கியமாக, அவன் யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. விலகிக்கொள்கிறவன்.

இரண்டாம் கொடியில் என் பங்குக்கு ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அவள் கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருப்பதைப் பார்க்கிறான். அவளுக்குத்தான் கல்யாணம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறான். உண்மையில் அது அவள் தங்கையின் கல்யாணம். எழுதி மாட்டிய கையோடு அசோசியேட் சொன்னார்: "ஒரு வார்த்தை கேட்டா தீர்ந்திடும், அல்லே மேடம்? தியேட்டர்ல பின்வரிசைக்காரன் சத்தமாவே சொல்லுவான், கேளுடா மண்டூகம்னு. பின்னே ரெண்டாம் பாதிய எத வச்சு ஓட்டுறது?" எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில்தான் இந்தப் பத்திரிகையில் அந்தக் கேள்வியை எழுதி, கொடியின் நடுவில் தொங்கவிட்டேன். பதில் எழுதாமல் அடுத்த காட்சிக்குப் போகக்கூடாது என்று ஒப்பந்தம்.

நாலு நாள் கழித்து அவர் பென்சிலால் எழுதினார்: "கேட்டா, அவங்களுக்கு இல்லேன்னு சொல்லக் கஷ்டமா இருக்கும்." அவ்வளவுதான், கதை பூட்டு திறந்ததுபோல் திறந்துகொண்டது. அவன் கேட்க மறந்தவன் அல்ல, கேட்பதே அடுத்தவரை நெருக்குவது என்று நினைக்கிறவன். விட்டுக்கொடுப்பதையே அன்பு என்று நினைக்கிறான். அவளுக்கு முன்பு நிச்சயமாகி நின்றுபோன ஒரு கல்யாணம் உண்டு. அந்த மாப்பிள்ளையும் இப்படிப் பேசாமல்தான் விலகிப்போனான். ஆகவே இவன் விலகும்போது, இவனுக்கும் நான் வேண்டாம் என்று அவள் முடிவு கட்டுகிறாள். இருவரும் பார்த்தது நிஜம்தான், அர்த்தம்தான் தப்பு. முதல் சந்திப்பில் நம்மைச் சிரிக்க வைத்த அதே குணம் இரண்டாம் பாதியில் அழ வைக்கிறது. புரியாமை என்பது வெளியிலிருந்து வந்து விழுகிற தற்செயல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஆளுக்குள்ளேயே இருக்கிறது என்று அந்த மாடியில்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது கொடிக்கு நான் திருவிழா மைக்கைப் பிடித்தேன். ஊரே கூடியிருக்கும்போது அவன் மைக்கில் தன் காதலைச் சொல்வான். அசோசியேட் தலையை ஆட்டிவிட்டார். ஊர் முன்னால் கேட்டால் அவள் எப்படி மறுப்பாள், அது காதல் இல்லை, வளைத்துப் பிடிப்பது என்றார். பெரிய காரியம் என்றால் சத்தம் பெரிதாக இருப்பது அல்ல. அவன் எதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தானோ அதை விட வேண்டும், எந்தக் காயத்தை உண்டாக்கினானோ அதற்கே மருந்தாக வேண்டும், அவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடி மூன்று நாள் மாடியில் நடந்தோம். நாலாம் நாள், முதல் கொடியில் தொங்கிய குடை, துண்டுக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "அவன் சீட்டை விடமாட்டான் மேடம்" என்றார்.

அவள் வேலையை விட்டுவிட்டாள்; சாமான் எடுக்கக் கடைசியாக ஒரு முறை மலைக்குப் போகிறாள். திருவிழா நாள், பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. அவன் பஸ் கிளம்புகிற தம்பானூரிலேயே ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிறான். ஏறுகிறவர்கள் எல்லோரும் திட்டுகிறார்கள். கண்டக்டர் திட்டுகிறார். ஜன்மத்தில் யாரிடமும் இடம் கேட்டுச் சண்டை போடாதவன், வேர்த்து விறுவிறுத்து, "இந்த சீட்டுக்கு ஆள் இருக்கு" என்று வித்துராவரை சொல்லிக்கொண்டே வருகிறான். அங்கே அவள் குடை உள்ளே விழுமா விழாதா என்பதுதான் கடைசிக் காட்சி.

தயாரிப்பாளரிடம் அவர்தான் கதை சொன்னார். ஒன்றரை மணி நேரம், பஸ்ஸின் குலுக்கலோடு நடித்தே காட்டினார். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் அசோசியேட்டை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். மாலையில் அவர் எனக்கு போன் செய்து, கதை ஓகே ஆகிவிட்டது, வேறு ஒருவர் இயக்குகிறார், நான் விலகிக்கொண்டேன் என்றார். குரலில் ஒரு சலனமும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் உயிரைக் கொடுத்துவிட்டு இப்படியா கைகழுவுவது, இவருக்குப் படத்தின் மேல் அக்கறையே இல்லை என்று நானே தீர்மானித்தேன். வாழ்த்துகள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். படம் வந்தது, ஓடியது, திரையில் கதை என்று என் பெயர் மட்டும் தனியாக வந்தது. அவர் வித்துராவில் ஒரு ஹோட்டலில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார் என்று யாரோ சொன்னார்கள். மூன்று வருஷம் நாங்கள் பேசவில்லை.

போன மாதம் அதே தயாரிப்பாளர் இன்னொரு கதை வேண்டுமென்று கூப்பிட்டார். பேச்சுவாக்கில் பழையதையும் சொன்னார். புது இயக்குநரை நம்பிப் பணம் போட அவருக்குத் தைரியம் இல்லையாம். பெயர் உள்ளவர் செய்தால் படம் உண்டு, இல்லையென்றால் கதையே வேண்டாம் என்றாராம். அசோசியேட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், மேடம் பெயர் தனியாக வருமா என்று. வரும் என்றதும் சரி சார் என்று எழுந்து போய்விட்டாராம். போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்து இந்தப் பத்திரிகையை எடுத்தேன். கேள்வியை எழுதியவள் நான். மூன்று வருஷமாகக் கேட்காமல் இருந்தவளும் நான்தான். வெட்கமாக இருந்தது. ஆள்களைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவேன் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. கேட்பது என்றால் அந்தக் கர்வத்தைக் கழற்றி வைக்க வேண்டும்.

தயாரிப்பாளரிடம், அசோசியேட் இயக்குவதானால் கதை தருகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். பிறகு அசோசியேட்டுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன். சனிக்கிழமைகளில் அவர் அம்மாவைப் பார்க்க போனக்காட்டுக்குப் போவார் என்பது எனக்கு நினைவிருந்தது. காலை பஸ்ஸில் வருகிறேன், இடது பக்கம் மூன்றாவது ஜன்னல், வராவிட்டாலும் பரவாயில்லை, மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

தம்பானூரில் ஏறி, பக்கத்து சீட்டில் என் குடையை வைத்தேன். எங்கள் கதாநாயகன் பட்ட பாடு என்னவென்று பாதி வழியில் நெடுமங்காடு வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆள் உண்டோ இவிடே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உண்டு உண்டு என்றேன். ஆளைக் காணோமே என்று ஒரு அம்மாள் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். காகிதத்தில் எழுதும்போது இத்தனை வேர்த்திருக்கவில்லை. வித்துராவில் பஸ் முழுக்க நிற்பதற்குள் ஜன்னல் வழியே ஒரு துண்டு பறந்து வந்து என் குடை மேல் விழுந்தது.

ஏறி வந்தார். முன்மண்டை நரைத்திருந்தது. வந்ததும் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்த்து, நீங்க உக்காருங்க அம்மா என்று துண்டை எடுக்கப் போனார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டேன். கோபம் வந்தால் எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும். "ஏன் நேக்குச் சொல்லலை?" என்றேன், பத்திரிகையை அவர் கையில் வைத்து.

அவர் தன் பென்சில் எழுத்தை வாசித்தார். "சொல்லியிருந்தா நீங்க படமே வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க, அல்லே?"

"ஆமாம். அதைச் சொல்ல வேண்டியது நான்தானே?"

பஸ் கிளம்பிற்று. அந்த அம்மாள் இன்னும் எங்களை முறைத்துக்கொண்டே நின்றாள். அவர் அவளிடம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற குரலில், ஆனால் தெளிவாக, இது என் சீட்டுதான் அம்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.