எருவென்று சொல்லச் சொன்ன செங்கல்

நான் ஓட்டிய டிராக்டர் கவிழ்ந்ததும் என்னை முதலில் அடித்தது, அடிபட்டவனின் அண்ணன். சுமை ஏற்றும் அவன் தம்பி மட்கார்டில் உட்கார்ந்து வந்தவன். டவுன்ஷிப் சாலை வளைவில் தெறித்து விழுந்து, வலது கால் டிரெய்லருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தான். பின்னால் பைக்கில் வந்த அண்ணன் சிதறிக் கிடந்த சாம்பல் செங்கல்லில் ஒன்றை எடுத்து என் தோளில் போட்டான். தம்பி போட்ட கூச்சலில் எனக்கு என் வலி கேட்கவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் வண்டியின் சொந்தக்காரர் வந்தார். என் மனைவியின் அண்ணன். ரத்தத்தைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார்.

"எரு ஏத்திக்கினு போனோம். புரியுதா?"

வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசி விவசாய உபயோகத்துக்கு எடுத்தது. எருவோ நெல்லோ நம் நிலத்துக்கு என்றால் செல்லும். வாடகைக்குக் குவார்ட்டர்ஸ் வேலைக்குச் செங்கல் ஏற்றினால் செல்லாது. டிரெய்லரையும் அதில் சேர்த்திருந்தார், ஒரு கூலியாளுக்கும் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தார். எரு என்று நிலைத்தால் அந்தக் காலுக்கு ஈடு கிடைக்கும். ஆள் வைத்துச் செங்கல்லை அப்புறப்படுத்தி, டிரெய்லரில் சாணக்குப்பையைக் கொட்டினார்.

மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணை ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அடிபட்டவனின் வலது காலை எடுத்துவிட்டிருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்று அவர் கேட்டார். நேற்று அடித்தவன் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, காதோரம் முணுமுணுத்தான்.

"எருன்னு சொல்லுண்ணா. காலுதான் போச்சி, காசாவது வரட்டும்."

"எரு..." என்றேன்.

"போலீஸ் வாக்குமூலத்துல செங்கல்னு இருக்கே?" என்றார் வந்தவர்.

எங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த மச்சான், கால் போனவனுக்குச் சொல்லவில்லை. ஊசி மயக்கத்தில் கிடந்தவனிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார். விடியற்காலையிலேயே போலீஸ்காரர் அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்.

"வாடகைக்கு ஓட்டுறதுன்னா வேற பாலிசிங்க, பிரீமியமும் கூட. இதைக் கம்பெனி ஒத்துக்காது. காலுக்கு நஷ்டஈடு வண்டி ஓனர்தான் கட்டணும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

மச்சான் கட்டிலுக்குப் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். "ஏன்டா நாயே, என் குடும்பத்த அழிச்சிட்டியே!"

"செங்கல்லத்தானே ஏத்தினோம், வேற என்னத்தச் சொல்ல?" என்றான் அவன்.

மச்சான் அவன் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் மச்சானின் வாயில் குத்தினான். பல் ஒன்று தரையில் விழுந்தது. குளுக்கோஸ் கம்பி சாய்ந்தது. பின்னாலிருந்து மச்சானைக் கட்டிப் பிடித்தேன்; அவர் முழங்கை என் மூக்கை உடைத்தது. காவலாளிகள் இருவரையும் தரதரவென்று இழுத்துப் போனார்கள், வராந்தாவிலும் அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டேதான் போனார்கள்.

கட்டிலில் கிடந்தவனின் கால் கட்டு அவிழ்ந்து மறுபடி சிவந்துகொண்டிருந்தது. நர்ஸ் வரும்வரை என் துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். "மெதுவாண்ணா" என்றான் அவன்.